தெருச்சீட்டு நோட்டில் மறையும் 1,600 ரூபாய்

கைக்காசுக் கணக்கு – 6

சென்ற வாரம் குலுக்கல் சீட்டைப் பார்த்தோம். அதில் மாதாமாதம் கட்டுவதும் மாறாது, எடுப்பதும் மாறாது. ஏலச்சீட்டில் இரண்டுமே மாதத்துக்கு மாதம் மாறும். நோட்டு எழுதுகிறவர் தடுமாறுவது இங்கேதான்.

ஒரு சீட்டைப் போட்டுப் பார்ப்போம். 10 பேர், ஆளுக்கு 2,000 ரூபாய், 10 மாதம். சீட்டுத் தொகை 20,000. சீட்டு பிடிக்கும் அக்காவுக்குத் தனியாகக் கமிஷன் கிடையாது. அதற்குப் பதிலாக முதல் சீட்டைத் தள்ளு இல்லாமல் அவரே எடுத்துக்கொள்கிறார். அந்த மாதம் எல்லாரும் முழுசாக 2,000 கட்டினார்கள்.

இரண்டாம் மாதம் பூக்காரம்மாவுக்கு அவசரம். 5,000 தள்ளிக் கேட்டு, 15,000 எடுத்தார். தள்ளிய 5,000தான் கசர். அதைப் பத்துப் பேருக்கும் பிரித்தால் தலைக்கு 500. ஆகவே அந்த மாதம் ஆளுக்கு 1,500 கட்டினால் போதும். மூன்றாம் மாதம் தையல்கார அக்கா 4,000 தள்ளி, 16,000க்கு எடுத்தார். கட்ட வேண்டியது ஆளுக்கு 1,600. மூன்று மாதத்துக்கும் சேர்த்து ஒருவர் கட்ட வேண்டியது 5,100.

பெரும்பாலான நோட்டுகளில் பெயர் இருக்கும், மாதம் இருக்கும், கட்டியதற்கு ஒரு டிக் இருக்கும். அது போதாது. ஒவ்வொரு பெயருக்கும் மூன்று பத்தி வேண்டும்: இதுவரை கட்டியது, எடுத்தது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். எடுத்தது கூடுதலானால் வித்தியாசம் பற்றாக நிற்கும். கட்டியது கூடுதலானால் வரவாக நிற்கும். எந்த மாதக் கடைசியில் கூட்டினாலும் பற்றும் வரவும் சமமாக வர வேண்டும், வசூலான பணம் முழுதும் அன்றே கைமாறிவிடுவதால்.

இப்போது சிக்கலுக்கு வருவோம். மூன்றாம் மாதம் பூக்காரம்மா 1,600 கட்டவில்லை. வசூலானது 14,400தான். ஏலம் எடுத்தவரைக் காக்க வைக்க முடியாது என்று சீட்டு பிடிக்கும் அக்கா தன் கையிலிருந்து 1,600 போட்டு 16,000ஐக் கொடுத்துவிட்டார். அதை நோட்டில் எழுதும் முறை இது:

சீட்டு பிடிக்கும் அக்கா: கட்டியது 6,700, எடுத்தது 20,000, பற்று 13,300.
பூக்காரம்மா: கட்டியது 3,500, எடுத்தது 15,000, பற்று 11,500.
தையல்கார அக்கா: கட்டியது 5,100, எடுத்தது 16,000, பற்று 10,900.
மற்ற ஏழு பேர்: ஆளுக்கு வரவு 5,100, மொத்தம் 35,700.

மூன்று பற்றையும் கூட்டினால் 35,700. கணக்கு நேர். அக்கா போட்ட கைக்காசை எழுதாமல் விட்டிருந்தால், பற்றுப் பக்கம் 1,600 கூடுதலாக நின்று காட்டிக்கொடுத்திருக்கும்.

ஆனால் இன்னொரு தவறு இந்தக் கூட்டலில் சிக்காது. 'பணம்தான் நிறைந்துவிட்டதே' என்று பூக்காரம்மா பெயருக்கு நேரே டிக் போட்டுவிட்டால், அவர் பற்று 9,900 ஆகும். அக்காவின் பற்று 14,900 ஆகும். மொத்தம் அதே 35,700! நோட்டு சுத்தமாகத் தெரியும். பாக்கி மட்டும் மறைந்துவிடும். ஆறு மாதம் கழித்து அக்கா கேட்டால், 'நோட்டிலேயே கட்டியாச்சுன்னு இருக்கே' என்பதுதான் பதிலாக வரும். கூட்டல் சரி என்பதால் கட்டியது யார் என்பது உறுதியாகாது. அதற்குத் தேதியும், யார் கையிலிருந்து வந்தது என்ற குறிப்பும், கட்டியவரிடம் ஓர் அட்டையும் வேண்டும். நோட்டும் அட்டையும் ஒத்துப்போக வேண்டும்.

எடுப்பு வரிசையையும் தனிப் பக்கத்தில் எழுத வேண்டும்: மாதம், எடுத்தவர், தள்ளிய தொகை, கைக்குப் போனது, தலைக்குக் கசர். 1982ஆம் ஆண்டின் சிட் ஃபண்ட் சட்டம் பதிவு பெற்ற சீட்டுகளுக்கு இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஒவ்வொரு ஏலத்துக்கும் நடவடிக்கைக் குறிப்பு எழுதி, நடத்துபவருடன் வேறு இரண்டு சந்தாதாரர்களாவது கையெழுத்திட வேண்டும். எடுத்தவர் மீதித் தவணைக்கு ஜாமீன் தர வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் உண்டு. காரணம் மேலே உள்ள கணக்கிலேயே இருக்கிறது: பூக்காரம்மா இன்றோடு நின்றுவிட்டால், அவர் கட்டியதற்கு மேல் கொண்டுபோனது 11,500. நோட்டு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அந்தப் பணத்தைத் திரும்பக் கொண்டுவராது. யாரிடம் எவ்வளவு நிற்கிறது என்பதை நாள் கடக்காமல் காட்டும், அவ்வளவுதான்.

நீங்கள் சீட்டுக் கட்டுகிறவரானால், இந்த மாதம் பணத்தைக் கொடுக்கும்போது அட்டையில் தேதியும் தொகையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சீட்டு பிடிக்கிறவரானால், பிறருக்காகப் போட்ட கைக்காசை உங்கள் பெயரிலேயே எழுதுங்கள்.

(தொடரும்)