கருத்த தோலில் தடுமாறும் பிட்னஸ் பேண்ட்: காரணமும் சோதனையும்

மணிக்கட்டில் அணியும் பிட்னஸ் பேண்ட் மற்றும் ஸ்மார்ட் வாட்ச்களில், நிமிடத்திற்கு இத்தனை இதயத் துடிப்பு என ஓர் எண் காட்டப்படுகிறது. காலை நடைப் பயிற்சி செய்பவர்கள் பலர், டாக்டர் சொன்ன எல்லைக்குள் துடிப்பு இருக்கிறதா என்று இந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்கின்றனர். நம்மைப் போல் தோல் நிறம் சற்று அதிகமாக உள்ளவர்களுக்கு இந்த எண் சில நேரங்களில் தவறாக இருக்கலாம். இது ஏன் ஏற்படுகிறது, நம் கையில் உள்ள பேண்ட் சரியாகக் காட்டுகிறதா என்பதனை எப்படிக் கண்டறிவது என்று இங்கு பார்க்கலாம்.

பச்சை விளக்கு செய்யும் வேலை

பேண்டைக் கழற்றி அதன் அடிப்பகுதியைப் பாருங்கள். பச்சை நிறத்தில் சிறிய எல்.இ.டி. விளக்குகள் விட்டு விட்டு ஒளிரும். அவற்றின் அருகிலேயே ஒளியை உணரும் சென்சார் ஒன்று இருக்கும். விளக்கின் ஒளி தோலுக்குள் சென்று, ஒரு பகுதி திரும்பி சென்சாரை அடைகிறது. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பின்போதும் தோலுக்கு அடியில் ரத்தம் சற்று அதிகமாகப் பாய்வதால், திரும்பி வரும் ஒளி சற்றுக் குறையும். இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் பேண்ட் நமக்குத் துடிப்பைக் காட்டுகிறது. திரும்பும் மொத்த ஒளியில் இந்த ஏற்ற இறக்கம் மிகச் சிறிய பங்குதான்.

இங்குதான் தோல் நிறம் குறுக்கிடுகிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனின், மேல் தோலில் ரத்தக் குழாய்களுக்கு மேலே ஒரு திரை போல அமைந்துள்ளது. இது சிவப்பு ஒளியைக் காட்டிலும் பச்சை ஒளியை அதிகமாக உறிஞ்சும். மேலும், ஒளி இந்தத் திரையை உள்ளே போகும்போது ஒரு முறையும், வெளியே வரும்போது மறு முறையும் கடக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டாக, திரை பாதி ஒளியை மட்டுமே விடுகிறது என வைத்துக் கொள்வோம். போகும்போது பாதியாகி, வரும்போது அதிலும் பாதியாகி, கடைசியில் கால் பங்குதான் சென்சாருக்குக் கிடைக்கும்.

ஒளி குறைந்தால் விளக்கின் பிரகாசத்தைக் கூட்டலாமே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல பேண்ட்கள் இதனைச் செய்கின்றன. ஆனால் பேட்டரி விரைவில் தீரும் என்பதால் இதற்கு ஓர் எல்லை உண்டு. கை ஆடும்போது பேண்ட் நகர்வதாலும், இடைவெளி வழியாக வெயில் புகுவதாலும் உண்டாகும் இரைச்சலும் சேர்ந்துவிடும். சமிக்ஞை பெரிதாக இருந்தால் இந்த இரைச்சலைப் பிரித்து ஒதுக்குவது எளிது. சமிக்ஞை சிறுத்துவிட்டால் இரைச்சலே துடிப்பாக எண்ணப்படும் வாய்ப்பு கூடுகிறது. ஆக, கருத்த தோல் தானாகவே தவறான எண்ணைத் தருவதில்லை. மற்ற தவறுகளைத் தாங்கும் இடத்தைத்தான் அது குறைக்கிறது.

ஆய்வுகள் சொல்வது

ஆய்வுகளின் முடிவுகள் ஒரே மாதிரி இல்லாததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம் 2017ல் 60 பேரைக் கொண்டு ஏழு சாதனங்களைச் சோதித்தது. சைக்கிள் ஓட்டும்போது ஏழில் ஆறு சாதனங்களின் இடைநிலைத் தவறு 5 சதவீதத்திற்குள் இருந்தது. எனினும் கருத்த தோல் உள்ளவர்களிடம் தவறு கூடுதலாக இருந்தது. டியூக் பல்கலைக்கழகம் 2020ல் 53 பேரிடம் நடத்திய சோதனையில், தோல் நிறத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் உடல் அசைவின்போது தவறு, ஓய்வில் இருப்பதைவிடச் சராசரியாக 30 சதவீதம் அதிகமாக இருந்தது. சாதனத்திற்குச் சாதனம் வேறுபாடும் பெரிதாக இருந்தது. எனவே அடுத்தவர் கையில் சரியாக வேலை செய்யும் மாடல், உங்கள் கையிலும் அப்படியே வேலை செய்யும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. உங்கள் கையில் சோதித்துப் பார்ப்பதே வழி.

காலடியா, துடிப்பா?

நடக்கும்போது அதிகம் ஏற்படும் தவறு, காலடி எண்ணிக்கையைத் துடிப்பாகக் காட்டுவது. சாதாரண நடையில் நிமிடத்திற்கு 100 முதல் 120 அடிகள் வரை வைக்கிறோம். துடிப்பும் ஏறத்தாழ இதே அளவில் இருக்கலாம் என்பதால், எண்ணைப் பார்த்தவுடன் சந்தேகம் வராது.

வேலப்பன்சாவடியில் இருந்து திருவேற்காடு கோவில் பக்கம் தினமும் நடக்கும் ஒருவரை எடுத்துக் கொள்வோம். துடிப்பு 110ஐத் தாண்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பேண்ட் 116 காட்டுகிறது. இப்போது அவர் வேகத்தை மாற்றாமல் 30 விநாடிகளுக்குக் காலடிகளை எண்ண வேண்டும். 58 அடிகள் என்றால், நிமிடத்திற்கு 116. பேண்ட் காட்டும் எண்ணும் இதுவும் ஒன்றாக இருப்பது முதல் எச்சரிக்கை. உடனே ஓரமாக நின்று, கட்டை விரலைத் தவிர்த்து இரண்டு விரல்களை மறு கையின் மணிக்கட்டில் வைத்து 15 விநாடிகள் நாடி பார்க்க வேண்டும். 24 துடிப்பு என்றால், நான்கால் பெருக்க 96. அவர் எல்லைக்குள்தான் இருந்திருக்கிறார்.

நின்றபின் துடிப்பு விரைவாக இறங்கும் என்பதால் முழு நிமிடமும் எண்ணக் கூடாது. அதே சமயம், 15 விநாடிக் கணக்கில் ஒரு துடிப்பு தவறினாலும் விடையில் 4 மாறிவிடும். எனவே நாலைந்து எண்கள் வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம். இதனை இரண்டு மூன்று நாட்கள் செய்து பாருங்கள். பேண்ட் ஒவ்வொரு முறையும் காலடியோடு ஒத்துப் போனால், நடையின்போது அதன் எண்ணை நம்ப வேண்டாம்.

இதில் ஆபத்தான மறுபக்கமும் உண்டு. உண்மைத் துடிப்பு 135 ஆக இருக்கும்போது பேண்ட் 112 என்று காட்டினால், அதனை நம்பி நடையைத் தொடர்ந்துவிடுவோம். படபடப்பு, மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி இருந்தால், பேண்ட் எந்த எண்ணைக் காட்டினாலும் நிறுத்திவிடுங்கள்.

என்ன செய்யலாம்?

பேண்டை மணிக்கட்டு எலும்பின் மேல் கட்டாமல், முழங்கைப் பக்கமாக இரண்டு விரல் அகலம் தள்ளிக் கட்டுங்கள். கை வீசும்போது நகராத அளவுக்கு, ஆனால் ரத்த ஓட்டம் தடைபடாமல் இறுக்கம் இருக்கட்டும். வியர்வையையும் சன்ஸ்கிரீன் படிவையும் சென்சாரில் இருந்து துடைத்துவிடுங்கள். கையில் பச்சை குத்தியிருந்தால் அதன் மேல் பேண்ட் வர வேண்டாம். அந்த மையும் மெலனினைப் போலவே ஒளியை விழுங்கிவிடும்.

இவற்றைச் செய்த பின்னும் தவறு தொடர்ந்தால், மார்பில் கட்டும் ஸ்ட்ராப் வகை துடிப்பு மானியை வாங்கலாம். இது இதயத்தின் மின் சமிக்ஞையை நேரடியாகப் பிடிப்பதால், தோல் நிறம் இதனைப் பாதிக்காது. புளூடூத் மூலம் மொபைல் போனுடன் இணையும் மாடல்கள் கிடைக்கின்றன. வாங்கும் முன், நீங்கள் பயன்படுத்தும் ஆப்ஸ் அந்த மாடலை ஏற்கிறதா என்று பார்த்துக் கொள்ளுங்கள். டாக்டர் எல்லை குறித்துக் கொடுத்திருந்தால், நாடி பார்த்த எண்ணையும் பேண்ட் காட்டிய எண்ணையும் தேதியுடன் எழுதி அடுத்த முறை அவரிடம் காட்டுங்கள். எதனை வைத்து முடிவெடுப்பது என்பதனை அவர் சொல்வார்.