கழுத்தை வெட்டித் திருப்பிய பிறகு வரும் வலி

முடிவெட்டி முடித்ததும் தலையில் நாலு தட்டுத் தட்டி, தாடையை ஒரு கையிலும் பின்னந்தலையை மறு கையிலும் பிடித்து, "கழுத்தை லூசா விடுங்க சார்" என்று சொல்லி வலப்பக்கம் ஒரு வெட்டு, இடப்பக்கம் ஒரு வெட்டு. நம் ஊர் சலூன்களில் இன்றும் நடப்பதுதான். சொடக்குச் சத்தம் கேட்டதும் பாரம் இறங்கிய மாதிரி இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு இதனால் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் அபூர்வமாகச் சிலருக்கு அந்த ஒரு வெட்டில் மூளைக்குப் போகும் ரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்துவிடுகிறது. அதன் முதல் அறிகுறி கழுத்து வலியும் தலைவலியும்தான். அதைச் சுளுக்கு என்று நினைத்து நீவி எடுக்கப் போவதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது.

மூளைக்குக் கழுத்து வழியாக நான்கு பெரிய குழாய்கள் ரத்தம் கொண்டுபோகின்றன. முன்பக்கம் இரண்டு, கரோட்டிட் குழாய்கள். தாடைக்குக் கீழே கை வைத்தால் துடிப்பது இவைதான். பின்பக்கம் இரண்டு, வெர்டிப்ரல் குழாய்கள். இவை கழுத்தெலும்புகளின் பக்கவாட்டில் உள்ள சிறு துளைகள் வழியாக, எலும்புக்குள்ளேயே நுழைந்து நுழைந்து மேலே ஏறுகின்றன. உச்சியில் உள்ள முதல் எலும்பைச் சுற்றி வளைந்து மண்டையோட்டுக்குள் போகின்றன. நாம் தலையைத் திருப்பும்போது அந்தத் திருப்பத்தில் ஏறத்தாழ பாதி, முதல் எலும்புக்கும் இரண்டாவது எலும்புக்கும் இடையில்தான் நடக்கிறது. கீழே எலும்புத் துளைகளில் பிடிபட்டிருக்கும் குழாய், மேலே இந்த வளைவில் இழுபடுகிறது. மெதுவாகத் திருப்பினால் அது தாங்கிக்கொள்ளும். படாரென்று முழுக் கோணத்துக்குத் திருகினால் சில நேரம் தாங்குவதில்லை.

குழாயின் சுவர் மூன்று அடுக்குகளால் ஆனது. உள்ளடுக்கு கிழிந்தால், ஓடும் ரத்தம் அழுத்தத்தோடு அடுக்குகளுக்கு இடையே புகுந்துவிடும். மழைநீர் இறங்கிய சுவரில் பூச்சு உப்பிக்கொண்டு வருவதைப் போல, குழாயின் சுவர் உள்பக்கமாக உப்பி வழியைக் குறுக்குகிறது. இதை மருத்துவர்கள் டிசெக்‌ஷன் என்கிறார்கள். இதைவிட மோசமானது அடுத்து நடப்பது. கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து கட்டியாகிறது. அந்தக் கட்டியில் ஒரு துணுக்கு பிய்ந்து மேலே போய் மூளையின் குழாயை அடைத்தால், அது பக்கவாதம்.

கிழிசலுக்கும் பக்கவாதத்துக்கும் நடுவே பலருக்கு இடைவெளி இருக்கிறது. சிலருக்குச் சில மணி நேரம், சிலருக்குச் சில நாள், சிலருக்கு இரண்டு வாரம் வரைகூட. அந்த இடைவெளியில் இருப்பது வலி மட்டும்தான். அப்போதே கண்டுபிடித்தால் மாத்திரையால் பக்கவாதத்தைத் தடுக்க நல்ல வாய்ப்பு உண்டு. இது அவசரம் என்பதற்குக் காரணம் அதுதான்.

சலூன் மட்டும் காரணமில்லை. கார் விபத்து, விளையாட்டில் அடி, கடுமையான இருமல், அண்ணாந்தபடியே வெகுநேரம் சுண்ணாம்பு அடிப்பது, இவற்றுக்குப் பிறகும் வருகிறது. சிலருக்கு எந்தக் காரணமும் தெரியாது. ஆண்டுக்கு லட்சத்தில் சுமார் மூன்று பேருக்கு வரும் நோய் என்றாலும், ஐம்பது வயதுக்குள் வரும் பக்கவாதத்தில் ஐந்தில் ஒன்று வரை இதனால்தான் என்று கணக்கிடுகிறார்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இல்லாத ஆளுக்கு வருவதால்தான் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

உதாரணத்துக்கு, முப்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஞாயிறன்று சலூனில் கழுத்தைத் திருகிவிட்டார்கள். அன்று மாலை வலப்பக்கப் பின்கழுத்தில் வலி. இரவில் அது பின்மண்டைக்கு ஏறுகிறது. திங்களன்று தைலம், வெந்நீர் ஒத்தடம். சுளுக்காக இருந்தால் தலையை அசைக்கும்போது சுரீர் என்று வலித்து, அசையாமல் படுத்தால் அடங்கும். இவருக்குச் சும்மா படுத்திருந்தாலும் ஒரே பக்கம் விடாமல் வலிக்கிறது. "இந்த மாதிரி வலி எனக்கு வந்ததே இல்லை" என்று மனைவியிடம் சொல்கிறார். அந்த வாக்கியம் முக்கியம்.

புதன்கிழமை காலை பல் துலக்கும்போது தலை சுற்றி வாந்தி வருகிறது. நிற்கப் பார்த்தால் உடம்பு வலப்பக்கம் சாய்கிறது. விக்கல் நிற்கவில்லை, தண்ணீர் விழுங்கினால் புரை ஏறுகிறது, குரல் கரகரக்கிறது. முகத்தின் வலப்பாதி மரத்திருக்கிறது. ஆனால் இடது கையில்தான் வெந்நீரின் சூடு உறைக்கவில்லை. கை கால் பலமாகவே இருப்பதால் வீட்டில் பித்தம் என்கிறார்கள். உண்மையில் வலது வெர்டிப்ரல் குழாயின் வழி அடைபட்டு, மூளைத் தண்டின் பக்கவாட்டுப் பகுதி ரத்தமில்லாமல் தவிக்கிறது. வாய் கோணவில்லை, கை விழவில்லை என்பதற்காக இது பக்கவாதம் இல்லை என்று ஆகிவிடாது.

கிழிந்தது முன்பக்கக் குழாயாக இருந்தால் காட்சி வேறு. கழுத்தின் பக்கவாட்டிலும் தாடையிலும் கண்ணைச் சுற்றியும் வலிக்கும். அதே பக்கத்து இமை லேசாக இறங்கி, கண்மணி மற்றதைவிடச் சிறுத்திருக்கும். நாடித் துடிப்போடு சேர்ந்து காதில் உஸ் உஸ் என்று சத்தம் கேட்கலாம்.

மருத்துவமனையில் ஒரு சிக்கல் உண்டு. மூளைக்கு மட்டும் எடுக்கும் சாதாரண சி.டி. ஸ்கேனில் எதுவும் தெரியாமல் போகலாம். கழுத்தையும் சேர்த்துக் குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோகிராம் அல்லது எம்.ஆர்.ஐ. தேவை. எம்.ஆர்.ஐ.யில் சுவருக்குள் தேங்கிய ரத்தம் பிறை வடிவில் வெள்ளையாகத் தெரியும். பக்கவாதம் வந்துவிட்டால் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். குழாய் கிழிந்திருக்கிறது என்பதற்காக மட்டும் அதைத் தவிர்ப்பதில்லை. வராதவர்களுக்கு ஆஸ்பிரின் போன்ற மாத்திரையோ, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தோ மூன்று முதல் ஆறு மாதம் வரை கொடுப்பார்கள். அதற்குள் பெரும்பாலோருக்குக் குழாய் தானே ஆறிவிடுகிறது. ஆனால் இந்த மருந்தை ஸ்கேன் பார்க்காமல் வீட்டில் தானாகப் போட்டுக்கொள்ளக் கூடாது. மூளைக்குள் ரத்தக் கசிவு இருந்தால் அது கேடு செய்யும்.

கழுத்தைத் திருகுவதுதான் கிழிக்கிறதா, அல்லது ஏற்கெனவே கிழிந்து வலித்ததால்தான் மக்கள் திருகிக்கொள்ளப் போகிறார்களா என்று ஆய்வாளர்களிடையே நெடுநாள் விவாதம் இருக்கிறது. இரண்டும் நடக்கிறது என்றே எனக்குப் படுகிறது. எது முதலில் என்றாலும் முடிவு ஒன்றுதான். கிழிந்த குழாயை மறுபடி திருகினால் கிழிசல் நீளலாம், ஒட்டியிருந்த கட்டி பிய்ந்து மேலே போகலாம். சுளுக்கு எடுப்பவரின் கைக்கு இது தட்டுப்படாது. அனுபவமுள்ள மருத்துவரின் கைக்கும் தட்டுப்படாது. சலூன்களில் இந்தப் பழக்கத்தையே விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. "கழுத்து வேண்டாம்" என்று நாமும் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

கழுத்து வலிகளில் பெரும்பாலானவை தசைப்பிடிப்புத்தான். ஆனால் திடீர்த் திருகலுக்கோ அடிக்கோ பிறகு ஒரு பக்கமாக, இதுவரை அறியாத மாதிரி வலி தொடர்ந்தால் அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதோடு தலைசுற்றல், இரட்டைப் பார்வை, இமை இறக்கம், பேச்சுக் குழறல், மரத்துப்போதல், தள்ளாட்டம் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் உடனே 108. அங்கே போனதும் "தலைவலி" என்று மட்டும் சொன்னால் தலைவலிக்கான வைத்தியமே நடக்கும். கழுத்தில் என்ன நடந்தது, எந்த நாள், எத்தனை மணிக்கு, அதற்குப் பிறகு வலி எந்தப் பக்கம் தொடங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கழுத்துக் குழாய்க்கும் ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள்.