யாருக்கு உரிமை? குழந்தைக்கு எது நலம்?

ஹிஜ்ரி ஏழாம் ஆண்டு. உம்ராவை நிறைவேற்றிவிட்டு நபி (ஸல்) அவர்கள் மக்காவிலிருந்து புறப்படுகிறார்கள். உஹதுப் போரில் ஷஹீதான ஹம்ஸா (ரலி) அவர்களின் சிறு மகள் அவர்களைப் பின்தொடர்ந்து ஓடி வருகிறாள். அலீ (ரலி) அவர்கள் அச்சிறுமியின் கையைப் பிடித்து ஃபாத்திமா (ரலி) அவர்களிடம் ஒப்படைக்கிறார்கள். பின்னர் அவளை வளர்க்கும் உரிமை யாருக்கு என்பதில் மூவரிடையே வழக்கு எழுகிறது. தம் சிறிய தந்தையின் மகள் என்றும், அவளைத் தாமே அழைத்து வந்ததாகவும் அலீ (ரலி) வாதிடுகிறார்கள். அதே உறவு தமக்கும் உண்டு, அத்துடன் சிறுமியின் தாயுடன் பிறந்த சகோதரி தம் மனைவி என்கிறார்கள் ஜஅஃபர் (ரலி). ஹம்ஸாவுக்கும் தமக்கும் இருந்த சகோதர உடன்படிக்கையைக் காட்டுகிறார்கள் ஸைத் (ரலி). புகாரீயில் பதிவாகியுள்ள இந்த வழக்கில், தாயின் சகோதரி தாயின் இடத்தில் இருப்பவள் என்று கூறி நபியவர்கள் சிறுமியை அவளுடைய சிறிய தாயாரிடம் சேர்த்தார்கள். மூவருக்கும் தனித்தனியே அன்பான சொற்களைக் கூறி மனம் குளிரச் செய்தார்கள்.

மூவர் கூறியதும் மெய்யான உரிமைகளே. ஆனால் தீர்ப்பின் காரணம், அந்தச் சிறுமிக்குத் தாயன்பு எங்கே கிடைக்கும் என்பதில் நின்றது. ஏறத்தாழ இதே கேள்வியை இன்று உலக நாடுகளின் நீதிமன்றங்கள் 'குழந்தையின் உயர்நலன்' என்ற பெயரால் எழுப்புகின்றன. அக்கோட்பாடு பெற்றோரின் உரிமையையும் அரசின் உரிமையையும் எவ்வாறு எடை போடுகிறது என்பதை நம் குடும்பங்கள் அறிந்திருப்பது நன்று.

ஒரு சொல்லின் வேறுபாடு

1959ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட குழந்தை உரிமைப் பிரகடனம், குழந்தைகளுக்கான சட்டங்களை இயற்றும்போது அவர்களின் நலனே அனைத்தினும் மேலானதாகக் கருதப்பட வேண்டும் என்றது. அது பிரகடனம் மட்டுமே. நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்துவதன்று. 1989 நவம்பர் 20 அன்று நிறைவேறிய குழந்தை உரிமை உடன்படிக்கை கட்டுப்படுத்துவது. இந்தியா 1992 டிசம்பரில் அதில் இணைந்தது.

உடன்படிக்கையின் மூன்றாம் விதியில் சொல் மாறியது. நீதிமன்றமோ, அரசு அலுவலகமோ, சட்டமன்றமோ குழந்தையைப் பற்றி எடுக்கும் எந்த முடிவிலும் அதன் நலன் 'முதன்மையான ஒரு கருத்தாக' இருக்க வேண்டும் என்றே அவ்விதி கூறுகிறது. 'ஒரு' என்ற சொல்லைக் கவனியுங்கள். வேறு முதன்மையான கருத்துகளும் தராசில் ஏறலாம் என்பது அதன் பொருள். 'அனைத்தினும் மேலானது' என்ற பழைய அளவை, தத்தெடுத்தல் பற்றிய 21ஆம் விதியில் அப்படியே இருக்கிறது. அதற்கு முந்திய 20ஆம் விதி, பெற்றோரை இழந்த குழந்தைக்கு மாற்றுப் பராமரிப்பு வழிகளைக் கூறும்போது இஸ்லாமியச் சட்டத்தின் 'கஃபாலா'வைப் பெயர் குறித்தே ஏற்றுக்கொள்கிறது. குழந்தையின் வம்சத்தை மாற்றாமலேயே அதனைப் பொறுப்பேற்று வளர்க்கும் நமது முறை அது.

ஆக, குழந்தையை எங்கே வளர்ப்பது என்பதே வழக்கானால் அதன் நலனே தீர்ப்பை முடிவு செய்யும். வழக்கு வேறொன்றாயிருந்து அதன் விளைவு குழந்தையின் தலையில் விழுமானால், அதன் நலன் பெரும் எடையாகத் தராசில் ஏறும். ஆனால் அது ஒன்றே தராசு ஆகாது. இதனை இரண்டு தீர்ப்புகளால் விளக்குவோம்.

தாயின் பொய்யும் பிள்ளைகளின் வீடும்

தான்சானியா நாட்டுப் பெண்ணொருத்தி 1995 டிசம்பரில் இங்கிலாந்து வந்தார். அடைக்கலம் கேட்டு மூன்று முறை விண்ணப்பித்தார். ஒன்று சொந்தப் பெயரில், இரண்டு பொய்ப் பெயர்களில், மூன்றும் நிராகரிக்கப்பட்டன. இதற்கிடையே இங்கிலாந்துக் குடிமகன் ஒருவர் வழியே அவருக்கு 1998இல் ஒரு மகளும் 2001இல் ஒரு மகனும் பிறந்தனர். பிள்ளைகள் பிறப்பால் அந்நாட்டுக் குடிமக்கள். 2005இல் பெற்றோர் பிரிந்தனர். ஆயினும் தந்தை தவறாது வந்து பிள்ளைகளைப் பார்த்து வந்தார். அவர் கடுமையான நோயாளி. தாயை நாடு கடத்த அரசு முடிவு செய்தது. பிள்ளைகள் தாயுடன் தான்சானியா செல்லலாம் என்று கீழ்த் தீர்ப்பாயம் கருதியது.

ஒருபுறம் நாட்டின் எல்லையைக் காக்கும் அரசின் உரிமை. அதற்கு வலுச் சேர்ப்பது தாயின் பொய். மறுபுறம் தாம் பிறந்த மண்ணை விட்டு வேறெங்கும் வாழ்ந்தறியாத இரண்டு பிள்ளைகள். 2011 பிப்ரவரியில் இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம் தாயின் மேல்முறையீட்டை ஏற்றது. பெண் நீதிபதி லேடி ஹேல் எழுதிய முதன்மைத் தீர்ப்பு, எடை போடும் வரிசையைத் தெளிவாக்கியது.

முதலில் குழந்தைகளின் நலன் எது என்று கண்டறிய வேண்டும். அவர்களின் குடியுரிமை, வளர்ந்த சூழல், பள்ளி, தந்தையுடனான உறவு, அவர்களுடைய சொந்த விருப்பம் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். அதன் பிறகே, அந்நலனை மிஞ்சும் வலு மற்றக் காரணங்களுக்கு உண்டா என்று பார்க்க வேண்டும். அரசின் தேவையை முதலில் முடிவு செய்துவிட்டு, குழந்தை அதனைத் தாங்குமா என்று கடைசியில் கேட்பது தலைகீழ் முறையாகும். தாய் கூறிய பொய்க்குப் பிள்ளைகள் பொறுப்பாளிகள் அல்லர். ஆகவே அக்குற்றத்தை அவர்களுடைய நலனிலிருந்து கழிக்கலாகாது.

அப்படியானால் பிள்ளை பெற்றவரை எந்தச் சட்டமும் தீண்டாதா? தீண்டும். அடுத்த ஆண்டே, 2012இல், அதே நீதிமன்றம் வேறு நாடுகள் குற்றத்திற்காகக் கேட்டிருந்த பெற்றோரைப் பற்றிய வழக்குகளைத் தீர்த்தது. போலந்து நாட்டுத் தாய் ஒருவருக்கு ஐந்து பிள்ளைகள். அவர்மேல் இருந்தவை பல்லாண்டுகளுக்கு முந்திய சிறு மோசடிக் குற்றங்கள். அவர் அனுப்பப்படவில்லை. இத்தாலிக்குப் போதைப் பொருள் கடத்திய கணவன் மனைவிக்கோ மூன்று சிறு பிள்ளைகள். அந்த இருவரையும் ஒப்படைக்கலாம் என்று தீர்ப்பாயிற்று. அதிலும் தந்தையைப் பொறுத்தவரை லேடி ஹேல் மாறுபட்ட கருத்தே கொண்டார். அங்கும் பிள்ளைகளின் நலன் எடை குறைந்ததன்று. எதிர்த் தட்டில் இருந்த குற்றம் பாரமானதாக இருந்தது.

நம் வீட்டு வழக்கு

இனி, குழந்தையே வழக்காகும் இடத்தைப் பார்ப்போம். நம் நாட்டில் இதற்குரியது 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்புக்குட்படுவோர் சட்டம். அதன் 17ஆம் பிரிவு, குழந்தைக்குரிய தனியார் சட்டத்திற்கு இசைய, அதன் நலனுக்கு எது உகந்தது என்று நீதிபதி பார்க்க வேண்டும் என்கிறது. குழந்தையின் வயது, பால், மார்க்கம், காப்பாளராக விரும்புபவரின் குணமும் தகுதியும், உறவின் நெருக்கம், இறந்த பெற்றோரின் விருப்பம் ஆகியவை கணக்கில் வரும். சிந்தித்து விருப்பம் கூறத்தக்க வயதுள்ள பிள்ளையின் சொல்லையும் கேட்கலாம். ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கை பிறப்பதற்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட பிரிவு இது.

நம் ஃபிக்ஹு நூல்கள் இதில் இரண்டு உரிமைகளைப் பிரித்துக் காட்டுகின்றன. குழந்தையை அரவணைத்து வளர்ப்பது 'ஹளானத்'. அது முதலில் தாய்க்கும், அவருக்குப்பின் தாய்வழிப் பெண்களுக்கும் உரியது. ஹனஃபீ மத்ஹபில் ஆண்பிள்ளைக்கு ஏழு வயது வரையும் பெண்பிள்ளைக்குப் பருவமடையும் வரையும் அது நீடிக்கும். ஷாஃபிஈ மத்ஹபில், விவரம் தெரியும் வயதை அடைந்த பிள்ளை தாய் தந்தையருள் ஒருவரைத் தேர்ந்துகொள்ளலாம். குழந்தையின் சொத்து முதலிய காரியங்களை நடத்தும் 'விலாயத்' தந்தைக்குரியது. ஜமாஅத்துகளில் பல சச்சரவுகள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதாலேயே வளர்கின்றன.

2010 ஜனவரியில் நம் உச்ச நீதிமன்றம் தீர்த்த கர்நாடக முஸ்லிம் குடும்பத்து வழக்கு இதற்குச் சான்று. 2007இல் தாய் இறந்துவிட்டார். மறு ஆண்டே தந்தை மறுமணம் செய்துகொண்டார். பருவ வயதை நெருங்கிய மகளும் இளைய மகனும் தாயின் தந்தை, தாயின் சகோதரிகள் ஆகியோரின் பராமரிப்பில் இருந்தனர். தகுதியுள்ள தந்தை உயிரோடிருக்க வேறு காப்பாளரை நியமிக்கலாகாது என்ற 19ஆம் பிரிவைக் காட்டித் தந்தை வாதிட்டார். உரிமை என்ற கண்ணால் பார்த்தால் அவர் பக்கமே வலுவானது.

நீதிமன்றம் அந்த உரிமையை மறுக்கவில்லை. காப்பாளர் யார் என்பது ஒரு கேள்வி, குழந்தை யாருடைய கையில் வளர்வது என்பது வேறொரு கேள்வி என்று பிரித்தது. மறுமணம் தந்தையைத் தகுதியற்றவராக்காது. எனினும் குழந்தையை ஒப்படைக்கும்போது எண்ணிப் பார்க்க வேண்டிய காரணங்களுள் அதுவும் ஒன்று என்றது. நீதிபதிகள் பிள்ளைகளுடன் நேரில் உரையாடினர்; அவர்கள் இருக்கும் இடத்தில் மனநிறைவோடு இருப்பதைக் கண்டனர். முதன்மை வழக்கு முடியும் வரை பிள்ளைகள் தாய்வழியினரிடமே இருக்க வேண்டும், தந்தை அவர்களைச் சந்திக்க வேண்டும் என்று ஆணையிட்டனர். மூவர் வாதிட, சிறிய தாயாரிடம் சேர்ந்த ஹம்ஸாவின் மகள் இங்கே நம் நினைவுக்கு வருகிறாள் அல்லவா?

தராசு சாயும் இடங்கள்

இக்கோட்பாட்டிற்கும் ஊனம் உண்டு. 'நலன்' என்பது விரிந்த சொல்லாதலால், எந்த முடிவுக்கும் அதனைப் போர்வையாக்கலாம். ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமைக் குழு 2013இல் வெளியிட்ட விளக்கம் இதனை உணர்ந்தே, முடிவெடுப்பவர் எவற்றை எடுத்துக்கொண்டார், ஒவ்வொன்றுக்கும் என்ன எடை தந்தார் என்று எழுத்தில் காட்ட வேண்டும் என்கிறது. அவ்வாறு காட்டாமல் 'குழந்தையின் நலன் கருதி' என்று ஒரு வரியில் முடியும் தீர்ப்பு, எடை போடாத தீர்ப்பாகும். மேல்முறையீட்டில் முதலில் கேள்விக்குள்ளாவதும் அதுவே.

வசதியை நலனாக எண்ணுவது இன்னொரு பிழை. அதிக வருமானமுள்ளவருக்கே குழந்தை என்பது சட்டமன்று. வருமானம் குறைந்த தாயிடம் குழந்தை வளர, தந்தை ஜீவனாம்சம் தருவதே முறை. காலத்தைக் கடத்துவது மூன்றாவது. குழந்தையை ஒரு தரப்பு பிடித்து வைத்துக்கொண்டு வழக்கை இழுத்தால், ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த வீடே அதற்குப் பழகிவிடும்; பின் அப்பழக்கமே ஆதாரமாகும். இதனால்தான் தனித்திருக்கும் தந்தையோ தாயோ சந்திப்பு உரிமையைத் தாமதமின்றிக் கேட்டுப் பெற வேண்டும். நான்காவது, பிள்ளைக்குச் சொல் கற்றுக்கொடுப்பது. பிள்ளையைத் தனியறையில் வைத்து நீதிபதி பேசுவது இதற்காகவே. "அப்பா வேண்டாம்" என்று கூறும் பிள்ளை தான் கண்டதைக் கூறுகிறதா, பெரியவர்களின் வழக்குச் சொற்களை ஒப்பிக்கிறதா என்பதை அனுபவமுள்ள நீதிபதி பெரும்பாலும் கண்டுகொள்வார்.

தலாக்கோ குல்உவோ ஜமாஅத்தில் முடியும்போது, மஹரும் நகையும் எழுதப்படும் அதே தாளில் பிள்ளை எங்கே இருக்கும், மற்றவர் எந்த நாளில் எங்கே சந்திப்பார், கல்விச் செலவு யாருடையது என்பதும் எழுதப்படட்டும். அத்தாள் நீதிமன்றத்தை முற்றாகக் கட்டுப்படுத்தாது. குழந்தையின் நலனுக்கு மாறானதை நீதிபதி மாற்றுவார். ஆயினும் சண்டை மூளுமுன் பெற்றோர் இருவரும் நிதானமாக ஒப்புக்கொண்டது எது என்று அது அவருக்குக் காட்டும். அதனை எழுதும்போது 'யாருக்கு உரிமை' என்ற கேள்வியை ஒருகணம் ஒதுக்கி வைத்து, மக்கா வீதியில் பின்தொடர்ந்து ஓடிவந்த அந்தச் சிறுமியை நினைத்துக்கொள்வோமாக.