வலிப்பு நோயும் கடிகார முள்ளும்

வலிப்பு வந்து ஒருவர் கீழே விழுந்துவிட்டால், நம் ஊரில் முதலில் தேடப்படுவது இரும்புச் சாவிதான். பெரிய கடைத்தெருவானாலும் சரி, பேருந்து நிலையமானாலும் சரி, கூட்டத்தில் ஒருவர் சாவிக்கொத்தை எடுத்து நோயாளியின் கையில் திணிப்பார். சற்று நேரத்தில் வலிப்பு நின்றுவிடும். ‘பார்த்தீர்களா, இரும்பு பட்டதும் நின்றுவிட்டது’ என்பர். உண்மையில் பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடக் கூடியவை. சாவி கொடுத்தாலும் நிற்கும், கொடுக்காவிட்டாலும் நிற்கும். நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் மெத்தென்று ஏதேனும் வைத்து, வாயில் ஒன்றையும் திணிக்காமல், நேரத்தைக் குறித்துக்கொண்டு அருகில் இருப்பதே நாம் செய்ய வேண்டியது. ஐந்து நிமிடம் கடந்தும் நிற்காவிட்டாலும், நினைவு திரும்புமுன் அடுத்த வலிப்பு வந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

ஆனால் நான் இங்கு எழுத வந்தது அந்த இரண்டு நிமிடங்களைப் பற்றியன்று. ஒரு வலிப்புக்கும் அடுத்த வலிப்புக்கும் இடைப்பட்ட நாட்களைப் பற்றியே எழுத விரும்புகிறேன். அந்த நாட்களை ஆள்வது சாவியன்று, கடிகாரம். வேதியியல் மாணவனாகிய எனக்கு இது புரிந்தது வகுப்பில் படித்த ‘அரை ஆயுட்காலம்’ என்னும் பாடத்தின் வழியாகத்தான்.

இரத்தத்தில் ஒரு கணக்கு

மூளையின் நரம்புச் செல்கள் மிக நுண்ணிய மின் துடிப்புகளால் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அவற்றுள் ஒரு கூட்டம் திடீரெனக் கட்டுமீறி ஒரே சமயத்தில் துடிப்பதே வலிப்பு. மாத்திரை இந்நோயை வேரோடு களைவதில்லை. செல்கள் கட்டுமீறாதபடி அணை கட்டி நிற்கிறது. இரத்தத்தில் மருந்தின் அளவு போதுமானதாக இருக்கும் வரையில்தான் அந்த அணை நிற்கும்.

என் சித்தப்பாவின் மகள் முத்தியால்பேட்டையில் இருக்கிறார். நான் அக்கா என்றே அழைப்பேன். அவருக்கு லெவெட்டிராசிட்டம் என்னும் மருந்து, 500 மில்லிகிராம் மாத்திரையாக, காலை 7 மணிக்கு ஒன்றும் இரவு 7 மணிக்கு ஒன்றும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இம்மருந்தின் அளவு உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 6 முதல் 8 மணி நேரம் ஆகும். கணக்கின் எளிமைக்காக 6 மணி என்றே கொள்வோம்.

நாள்தோறும் தவறாமல் உட்கொள்பவர் உடலில், இரவு மாத்திரை போடும் நேரத்தில் பழைய மருந்து சுமார் 167 மில்லிகிராம் மிச்சம் இருக்கும். புதிய 500 சேர்ந்து 667 ஆகும். ஆறு மணி நேரத்தில் அது 333 ஆகி, பன்னிரண்டாம் மணியில் மீண்டும் 167-க்கு வரும். அப்போது அடுத்த மாத்திரை உள்ளே போகிறது. இப்படி 667-க்கும் 167-க்கும் இடையே அலைபோல ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அக்காவைக் காப்பது இந்த 167 என்னும் கீழ்மட்டம்தான்.

மாசி மகத்தன்று நடந்தது

மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சுவாமிகள் தீர்த்தவாரிக்கு வருவதும், சுற்றுவட்டாரமே அங்கே திரள்வதும் புதுவை வாசிகள் அறிந்ததே. ஒரு மாசி மகத்திற்கு முதல் நாள் சித்தப்பா வீடு நிறைய விருந்தாளிகள். சமையலும் பேச்சுமாக இருந்ததில் அக்கா இரவு 7 மணி மாத்திரையை மறந்துவிட்டார். படுக்கப் போனபோது மணி இரண்டுக்கு மேல். மறுநாள் விடிந்ததும் எழுந்து, மாத்திரை போடுமுன்பே தலைக்குக் குளிக்கப் போனார். குவளை தரையில் விழும் ஓசை கேட்டுச் சித்தி ஓடிப் பார்க்கையில் அக்காவுக்கு வலிப்பு வந்திருந்தது. ஏறத்தாழ இரண்டு வருடமாக வராதிருந்த வலிப்பு அது.

மேற்சொன்ன கணக்கை இங்கே தொடர்ந்து பார்ப்போம். முதல் நாள் காலையில் 667. இரவு 7 மணிக்கு 167. அப்போது மாத்திரை போகவில்லை. ஆகவே நள்ளிரவு 1 மணிக்கு 83. காலை 7 மணிக்கு 42. வழக்கமான கீழ்மட்டத்தில் கால் பங்குதான் மிச்சம்! ஒரே ஒரு மாத்திரைதானே என்று நமக்குத் தோன்றுவது, உடலின் கணக்கில் அணையின் முக்கால் பங்கு கரைந்து போவதாகும். அதன்மேல் தூக்கக் குறைவும் சேர்ந்துகொண்டது.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். வலிப்பைத் தூண்டுபவை என்று சொல்லப்படும் தூக்கமின்மை, காய்ச்சல், மது முதலியன பெரும்பாலும் தனித்தனியே வந்து தாக்குவதில்லை. ஒன்றையொன்று கைகோத்தே வருகின்றன. திருவிழா, திருமணம், தேர்வுக்காலம் என்று எது வந்தாலும் தூக்கமும் மாத்திரையும் சேர்ந்தே தவறுகின்றன. மது அருந்துபவர்க்கோ, அருந்திய இரவைவிட, போதை இறங்கும் மறுநாளே கூடுதல் ஆபத்து. மின்னும் விளக்கைப் பார்த்தால் எல்லோருக்கும் வலிப்பு வரும் என்பது தவறு. நோயாளிகளுள் மிகச் சிலருக்கே அது பொருந்தும்.

மாத்திரை மறந்துவிட்டால் என்ன செய்வது? நினைவு வந்த உடனே போட்டுக்கொள்வதே பொது விதி. அடுத்த வேளை நெருங்கிவிட்டிருந்தால் இரண்டையும் சேர்த்துப் போடாமல், அந்த வேளைக்குரியதை மட்டும் போட வேண்டும். எல்லா மருந்துக்கும் கணக்கு ஒன்றன்று. 1912 முதல் வழக்கில் உள்ள பினோபார்பிட்டோன் உடலில் பாதியாகக் குறைய மூன்று நான்கு நாட்கள் ஆகும். அதனால்தான் அதை இரவு ஒரு வேளை மட்டும் கொடுக்கிறார்கள். ஆனால் அதையும் திடீரென்று நிறுத்தினால், சில நாள் கழித்துக் கடுமையான வலிப்பு வந்து சேரும். வலிப்பே இல்லாமல் இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் கழிந்தபின், மருத்துவர் பல மாதங்களில் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்துவதே முறை.

கடற்கரை ஊரார்க்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கார்பமாசிபின் மாத்திரை ஈரக்காற்றில் கெட்டிப்பட்டு, தன் வீரியத்தில் மூன்றில் ஒரு பங்கைக்கூட இழக்கக்கூடும். குளியலறை அலமாரி அதற்கு ஏற்ற இடமன்று. உலர்ந்த இடத்தில், அட்டையிலிருந்து பிரிக்காமல் வைக்க வேண்டும்.

குளியலறைத் தாழ்ப்பாள்

அன்று அக்கா பிழைத்ததற்குக் காரணம், சித்தப்பா வீட்டில் வைத்திருந்த ஒரு சட்டம். அக்கா குளிக்கும்போது தாழ்ப்பாள் போடக் கூடாது. கதவைச் சாத்தி, வெளியே ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். தாழிட்டிருந்தால் கதவை உடைப்பதற்குள் என்ன ஆகியிருக்குமோ! வலிப்பு நோயாளிகளுக்கு நீரே பெரும் பகை. நிரம்பிய தொட்டி, கிணற்றடி, குளம், கடல் ஆகிய எதிலும் தனியே இறங்கக் கூடாது. தாழ்வான முக்காலியில் அமர்ந்து, வாளியும் குவளையுமாகக் குளிப்பதே பாதுகாப்பு. வெந்நீரை வெளியிலேயே விளாவிக் கொண்டு செல்ல வேண்டும்.

தென்னிந்தியாவிலேயே அதிகமாகக் காணப்படும் ‘சுடுநீர் வலிப்பு’ என்றொரு வகையும் உண்டு. கருநாடகப் பகுதியில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். சுடச்சுட நீரைக் குவளை குவளையாகத் தலையில் விரைந்து ஊற்றும்போது மட்டும் இது வரும். நீரை ஊற்றிக்கொண்டே இருப்பவர் திடீரென்று வெறித்துப் பார்ப்பார், பொருளற்றுப் பேசுவார், சிலர் நிறுத்த மாட்டாமல் மேலும் மேலும் ஊற்றிக்கொள்வார்கள். வாரம் ஒருமுறை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் மட்டும் ஒருவருக்கு வலிப்பு வருகிறதென்றால், இதை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். வெதுவெதுப்பான நீரில் மெதுவாகக் குளிப்பதே பலருக்குப் போதுமான மருந்தாகிவிடுகிறது. போதாதவர்க்குத் தலைக்குக் குளிப்பதற்கு ஒன்றரை இரண்டு மணி நேரம் முன்பு கிளோபசாம் என்னும் மாத்திரை கொடுப்பதுண்டு. இங்கேயும் கடிகாரமே வேலை செய்கிறது.

வண்டியும் உரிமமும்

ஓட்டுநர் உரிமம் கேட்பவர் நிரப்பும் முதலாம் படிவத்தில், ‘வலிப்போ திடீர் மயக்கமோ உண்டா?’ என்ற கேள்வி இருக்கிறது. ஆம் என்பவர்க்கு உரிமம் கிடைப்பது அரிது. இங்கிலாந்தில் ஓராண்டு வலிப்பின்றி இருந்தவர் கார் ஓட்டலாம் என்ற விதி உண்டு. நம் படிவமோ, கடைசி வலிப்பு எப்போது வந்தது என்று கேட்பதில்லை. இதனால் பலர் மறைத்து எழுதிவிடுகிறார்கள். சட்டத்தை ஏய்க்கலாம், இரத்தத்தில் இருக்கும் 42 மில்லிகிராமை ஏய்க்க முடியாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி ஓட்டுபவருக்குப் பத்து விநாடி நினைவு தப்பினால், எதிரே வருபவனும் சேர்ந்து சாவான். ஸ்கூட்டரை விட்டுப் பேருந்தில் போவது குறைவன்று.

தாய்மை

1999-இல் இந்து திருமணச் சட்டத்திலிருந்து ‘வலிப்பு’ என்ற சொல்லே நீக்கப்பட்டது. அதைக் காட்டித் திருமணத்தைச் செல்லாததாக்க இன்று வழியில்லை. வலிப்புக்கு மருந்து உட்கொள்ளும் தாய்மாருள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நலமான குழந்தைகளையே பெறுகிறார்கள். ஆயினும் எந்த மருந்து என்பது மிக முக்கியம்.

வால்புரோயேட் என்னும் மருந்தின் கதை இதைக் காட்டும். 1962-இல் பிரான்சு நாட்டில், வேறு பொருள்களைக் கரைக்கும் திரவமாக அதைப் பயன்படுத்தியபோது, அது வலிப்பை அடக்குவது தற்செயலாகத் தெரிய வந்தது. 1967-இல் அங்கேயே விற்பனைக்கும் வந்தது. 1982-இல் அதே பிரான்சின் லியோன் நகரில், அம்மருந்தை உட்கொண்ட தாய்மாரின் குழந்தைகள் சிலருக்கு முதுகுத்தண்டு மூடாமல் பிறப்பதை எலிசபெத் ராபேர் என்ற மருத்துவர் கண்டு எழுதினார். அம்மருந்தால் ஏறத்தாழ பத்தில் ஒரு குழந்தைக்கு உறுப்புக் குறை நேர்வதும், சிலருக்கு அறிவு வளர்ச்சி குன்றுவதும் பின்னர் உறுதியாயின. முதுகுத்தண்டு மூடுவது கருவுற்ற முதல் நான்கு வாரங்களிலேயே முடிந்துவிடுகிறது. நாள் தள்ளிப்போனது தெரியும்போதே காலம் கடந்துவிடும். ஆகவே லெவெட்டிராசிட்டம், லாமோட்ரிஜின் போன்ற தீங்கு குறைந்த மருந்துக்கு மாறுவதும், போலிக் அமிலம் தொடங்குவதும் கருவுறுவதற்கு முன்பே மருத்துவருடன் பேசி முடிக்க வேண்டிய காரியங்கள்.

கருவுற்றபின் பயந்துபோய் மாத்திரையைத் தாமே நிறுத்துவது அதனினும் கொடியது. பெரிய வலிப்பு தாயையும் சேயையும் ஒருங்கே தாக்கும். மேலும் கர்ப்ப காலத்தில் இவ்விரு மருந்துகளையும் உடல் விரைவாக வெளியேற்றுவதால், நேரம் தவறாமல் உட்கொண்டாலும் கீழ்மட்டம் தாழ்ந்துபோகும். அளவைக் கூட்ட வேண்டி வரலாம். பேறு ஆனபின் குறைக்க வேண்டும். பெரும்பாலான தாய்மார் மருந்து உட்கொண்டபடியே பாலூட்டலாம். ஆனால் இரவுதோறும் விழிக்கும் தாய்க்குத் தூக்கக் குறைவே வினையாகும். இரவில் ஒரு வேளைப் பாலையாவது கறந்து வைத்துவிட்டால், பாட்டியார் புகட்ட, தாய் தூங்கலாம்.

அக்காவுக்குச் சென்ற ஆண்டு திருமணம் ஆயிற்று. அத்தான் தம் கைப்பேசியில் காலை 7, இரவு 7 இரண்டுக்கும் மணி வைத்திருக்கிறார். மாத்திரைகளை ஞாயிறு முதல் சனி வரை அறை பிரித்த பெட்டியில் வாரத்துக்கு ஒருமுறை அடுக்கி வைக்கிறார்கள். போட்டோமா இல்லையா என்ற ஐயத்திற்கு இடமில்லை. அந்தப் பெட்டியின் விலை, கூட்டத்தில் தேடும் சாவிக்கொத்தின் விலைகூட இராது. நண்பர்களே, நம் வீட்டிலோ வகுப்பிலோ இந்நோய் உள்ளவர் இருந்தால், ‘வலிப்பு வருகிறதா?’ என்று கேட்பதை விட்டு, ‘ஏழு மணி மாத்திரை போட்டாயிற்றா?’ என்று கேட்போமாக.