ஒப்பிடாமலே அடுக்கலாம்

பத்து லட்சம் பேர் எழுதிய தேர்வு. மதிப்பெண் 0 முதல் 100 வரை. மெர்ஜ் சார்ட் போட்டால் சுமார் 2 கோடி ஒப்பீடுகள் ஆகும். அதைக் குறை சொல்ல முடியாது. ஓர் ஒப்பீட்டில் கிடைப்பது "ஆம்" அல்லது "இல்லை" என்ற ஒரே பதில். n! விதமான வரிசைகளில் சரியான ஒன்றைப் பிடிக்க, மோசமான உள்ளீட்டில் n log n அளவுக்குக் கேள்விகள் கேட்டே ஆகவேண்டும்.

கவுண்டிங் சார்ட் கேள்வியே கேட்பதில்லை. 101 பெட்டிகளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மதிப்பெண்ணையும் எத்தனை பேர் எடுத்தார்கள் என்று எண்ணுகிறது. 0 எடுத்தவர் 3 பேர், 1 எடுத்தவர் 5 பேர் என்றால், 2 எடுத்தவர்களின் வரிசை 9-வது இடத்தில் தொடங்கும். இடம் தெரிந்துவிட்டது, கொண்டுபோய் வைக்க வேண்டியதுதான். செலவு O(n + k). K என்பது பெட்டிகளின் எண்ணிக்கை.

இதையே பத்து இலக்க மொபைல் எண்களுக்குச் செய்து பாருங்கள். பத்து லட்சம் எண்களுக்கு 1000 கோடி பெட்டிகள்! முக்கால்வாசிக்கும் மேல் காலியாகவே கிடக்கும். இங்கேதான் ரேடிக்ஸ் சார்ட் வருகிறது: முழு எண்ணைப் பார்க்காமல், ஒன்றாம் இலக்கத்தில் தொடங்கி ஒவ்வோர் இலக்கமாகக் கவுண்டிங் சார்ட் செய்வது. துளையட்டை இயந்திரங்களை இயக்கியவர்களும் அட்டைகளைக் கடைசிப் பத்தியிலிருந்துதான் பிரித்தார்கள்.

472, 158, 431, 178, 152 என்ற ஐந்தை எடுத்துக்கொள்வோம்.

ஒன்றாம் இலக்கம்: 431, 472, 152, 158, 178
பத்தாம் இலக்கம்: 431, 152, 158, 472, 178
நூறாம் இலக்கம்: 152, 158, 178, 431, 472

இரண்டாம் சுற்றில் 152, 158 இரண்டுக்கும் பத்தாம் இலக்கம் 5. சமமானவை முன்பிருந்த வரிசையிலேயே நிற்கவேண்டும். இதைத்தான் ஸ்டேபிள் என்கிறோம். அங்கே இடம் மாறியிருந்தால் முடிவில் 158, 152 என்று வந்திருக்கும், மூன்றாம் சுற்றால் அதைச் சரிசெய்ய முடியாது. கூட்டிய எண்ணிக்கையைக் கடைசி இடமாகக் கொள்ளும் கவுண்டிங் சார்ட் நிரல், உள்ளீட்டை வாலிலிருந்து படிப்பது இதற்காகவே. தேர்வில் மதிப்பெண் பறிபோகும் இடமும் பெரும்பாலும் இதுதான்.

மொபைல் எண்களை ஒவ்வோர் இலக்கமாக எடுத்தால் பத்துச் சுற்று. மும்மூன்று இலக்கமாக எடுத்தால் 1000 பெட்டிகள், நான்கே சுற்று. மெர்ஜ் சார்ட்டுக்கோ பத்து லட்சத்துக்கு 20 அடுக்குகள். ஆனால் ஆயிரம் எண்கள்தான் என்றால் அதற்கும் 10 அடுக்குகளே போதும். நம் பக்கம் ஒவ்வொரு சுற்றிலும் எண்ணுவதற்கு ஒரு முறை, வைப்பதற்கு ஒரு முறை படிப்பதோடு 1000 பெட்டிகளையும் கூட்டவேண்டும், லாபம் கரைந்துபோகும்.

ரேடிக்ஸ் எப்போதும் O(n) என்று எழுதிவிடாதீர்கள். சரியான கணக்கு O(d(n + k)), d என்பது சுற்றுகள். "0 முதல் n³ − 1 வரையுள்ள n எண்களை O(n)-இல் அடுக்கு" என்று கேட்டால் அடிமானத்தை n என்று வையுங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் மூன்றே இலக்கம், மூன்று சுற்று, சுற்றுக்கு n பெட்டிகள்.