பிராட்டியைத் தீண்டியதும் தீண்டாததும்

ஸ்ரீராமாயணம் ஆரண்ய காண்டத்தின் 49ஆம் ஸர்க்கத்தில் ஆதிகவி ஒளிவுமறைவின்றிச் சொல்லும் செய்தி ஒன்றுண்டு. ராவணன் இடக்கையால் பிராட்டியின் திருக்குழலையும் வலக்கையால் தொடைகளையும் பற்றித் தூக்கிக் கழுதைகள் பூட்டிய தேரில் ஏற்றினான் என்பதே அது. பெரியவுடையாரால் தேர் முறிக்கப்பட்ட பின்பு, அவளை மடியில் இருத்திக்கொண்டு வான்வழியே போனான். இதனை மேலெழ நிகழ்ந்ததொன்றாக வால்மீகி விட்டுவிடவும் இல்லை. ஸுந்தர காண்டத்தில் திருவடி தன் முதுகில் ஏறும்படி வேண்டும்போது, பெருமாளையன்றி வேறொருவர் திருமேனியைத் தானாகத் தீண்டேன் என்றும், அரக்கன் தீண்டியது பலாத்காரத்தால் நேர்ந்தது, அப்போது தான் நாதனற்று வசமிழந்திருந்தேன் என்றும் பிராட்டி தானே விடையளிக்கிறாள். யுத்த காண்டத்தில் பெருமாள் சொல்லும் கடுஞ்சொற்களிலும் ராவணனுடைய மடியே குறிக்கப்படுகிறது. ஆக, தீண்டல் என்ற ஒரு செய்தி மூன்று காண்டங்களில் வேரோடியிருக்கிறது.

பிற்காலத்து ராமகதைகளைப் பார்க்குமிடத்து, ஒவ்வொன்றும் இந்த இடத்தில் சற்றே தயங்கி நின்று தனக்கென ஒரு வழி தேடிக்கொள்வதைக் காணலாம். அந்த வழியே அக்கதையை யார், எதற்காகச் சொன்னார்கள் என்பதைக் காட்டிக்கொடுக்கிறது.

கம்பநாட்டாழ்வார் கண்ட வழி நாம் அறிந்ததே. விருப்பமில்லாதவளைத் தீண்டினால் அழிவு வரும் என்ற பிரமன் சாபத்தை நினைத்த ராவணன், பர்ணசாலையை அது நின்ற நிலத்தோடு ஒரு யோசனை அளவு பெயர்த்தெடுத்தான். தேர் அழிந்த பின்னும் அந்நிலத்தோடே தூக்கிச் சென்றான். வால்மீகியிலும் பிரமன் சாபம் உண்டு. ஆனால் அது வன்புணர்ச்சியை மட்டுமே தடுப்பது. கம்பர் அதனைத் தீண்டுதல் வரை நீட்டினார். இவ்வொரு மாற்றம் செய்ததும் பிற இடங்களையும் திருத்த வேண்டியதாயிற்று. இளைய பெருமாள் சமைத்த அதே சாலையில் தான் இருப்பதைப் பிராட்டி திருவடிக்குக் காட்டுகிறாள்; சாலையே சாட்சியாகிறது. மீட்சிப் படலத்தில் பெருமாள் சொல்லும் பழியிலும் மடி இல்லை. அரக்கர் ஊரில் உண்டு நெடுநாள் இருந்தாள் என்பதே குற்றமாகிறது. ஒரு நூலாசிரியர் ஒரு செய்தியை மாற்றினாரா, அல்லது வந்த பாடத்தை வெறுமே சேர்த்துக்கொண்டாரா என்பதை இத்தகைய பின்திருத்தங்களைக் கொண்டே அறியலாம். கம்பர் மாற்றினார்; மாற்றியதற்கு இசைய முழுவதையும் நெய்தார்.

வடக்கே வேறொரு வழி எழுந்தது. பிராட்டி அக்னியிடம் அடைக்கலமானாள், அரக்கன் கொண்டுபோனது அக்னி படைத்த மாயா ஸீதையை என்பது கூர்ம புராணத்துக் கதை. அத்யாத்ம ராமாயணத்தில் பெருமாள் தாமே, நிழலை விட்டுவிட்டு ஓராண்டு அக்னிக்குள் இருக்கும்படி பிராட்டிக்குச் சொல்கிறார். துளஸீதாஸரும் எழுத்தச்சனும் இவ்வழியினரே. அத்யாத்ம ராமாயணத்தில் ஒரு வேடிக்கை உண்டு. அங்கே கொண்டுபோகப்படுபவள் நிழல்தான். ஆயினும் ராவணன் நகத்தால் நிலத்தைக் கீறி மண்ணோடுதான் அவளை எடுக்கிறான். நிழலைத் தீண்டினால் என்ன குறை? ஒரு நோய்க்கு இரண்டு மருந்துகள் ஒரே ஏட்டில் சேர்ந்துவிட்டன என்றே கொள்ள வேண்டும்.

இந்த மருந்து எந்த நோய்க்கு என்பதை வங்காளத்துச் சைதன்ய சரிதாம்ருதம் ஒரு நிகழ்ச்சியால் விளக்குகிறது. ஸ்ரீக்ருஷ்ண சைதன்யர் தென்னாட்டு யாத்திரையில் மதுரையில் ஓர் அந்தணரைக் கண்டார். ஜகன்மாதாவை அரக்கன் தீண்டினான் என்ற செய்தி தாங்காமல் அவர் உணவை வெறுத்து உயிர்விடத் துணிந்திருந்தார். சைதன்யர் ஆறுதல் கூறி உண்பித்துப் புறப்பட்டார். பின்பு ராமேச்வரத்தில் கூர்ம புராணம் வாசிக்கக் கேட்டு, மாயா ஸீதையின் கதை எழுதிய பழைய ஏட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அதன் இடத்தில் புதுப் பிரதி வைத்துவிட்டு, மதுரைக்கே திரும்பி அவரிடம் கொடுத்தார். பிரதி போதாது, பழைய ஏடே வேண்டும் என்று கருதியது கவனிக்கத்தக்கது. புதிதாக எழுதிய ஏட்டினால் அந்த அந்தணரின் துயரம் தீர்ந்திராது.

பாரதத்துக்கு வெளியே கவலையே வேறு. ஜாவாவில் 9ஆம் நூற்றாண்டில் எழுந்த பிரம்பானன் கோயிற் சிற்பங்களில் ராவணன் பிராட்டியைப் பற்றுவது கூச்சமின்றியே காட்டப்பட்டுள்ளது. ஸயாம் தேசத்தில் முதலாம் ராமா என்ற அரசர் 1797இல் இயற்றுவித்த ராமகியனில் பிராட்டி ராவணனுக்கும் மண்டோதரிக்கும் பிறந்த மகள். குலத்துக்குக் கேடு விளைப்பாள் என்று விபீஷணன் குறி சொன்னதால் பேழையில் இட்டு நீரில் விடப்பட்டவள். அந்தக் கதையில், தந்தையே அறியாமல் மகளைக் கவர்ந்து செல்கிறான். தூய்மை பற்றிய வினா பின்தள்ளப்பட்டு விதி முன்னே நிற்கிறது. மகள் என்னும் இக்கதை ஸயாமில் முளைத்ததன்று. ஜைன குணபத்ரரின் உத்தரபுராணத்திலும் திபெத்தியப் பழஞ்சுவடிகளிலும் உள்ளது. சீனத்தில் 3ஆம் நூற்றாண்டில் காங் ஸெங்ஹுய் என்ற பௌத்தத் துறவி மொழிபெயர்த்த ஜாதகம் ஒன்றில் பெயர்கள்கூட இல்லை. ஓர் அரசன், அவன் தேவி, கவர்ந்துபோன நாகம், உதவிய வானரர் என்று மட்டும் கதை செல்கிறது. அங்கே அரசன் ஐயுற, தேவி சத்தியம் செய்ய, பூமி பிளந்து அவள் தூய்மையை நிலைநாட்டுகிறது. பெயர்கள் உதிர்ந்த பின்னும் ஐயமும் நிரூபணமும் உதிரவில்லை.

இனி நம் பூர்வாசார்யர்களின் நிலை. கம்பர் காட்டிய பர்ணசாலையும், புராணம் காட்டிய நிழலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, அவர்கள் வால்மீகியின் பாடத்தையே பற்றி நின்றார்கள். காரணம் தயக்கமின்மை மட்டுமன்று. ஸ்ரீவசனபூஷணத்தில் பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீராமாயணத்தின் உயிர்நிலையாகக் கொள்வது சிறையிருந்தவளின் ஏற்றத்தை. பிராட்டியின் மூன்று பிரிவுகளுள் முதலாவது அவளது க்ருபையை வெளியிடுவதற்காக என்றும் அருளினார். சிறைப்பட்டிருந்த தேவமாதரின் சிறையை வெட்டிவிடத் தானே சிறை புகுந்தாள் என்பது நிர்வாஹம். கிணற்றில் விழுந்த குழவியை எடுக்கத் தாய் தானும் குதிப்பது போல என்பது மரபில் வழங்கும் உவமை. குதித்தவள் நிழலாயின் உவமையும் நிழலாகும்.

நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் இது மேலும் தெளிவாகும். அசோகவனத்தில் ராவணனுக்கே, பெருமாளோடு நட்புக் கொள்வாய் என்று ஹிதம் சொன்னது அக்னிப்ரவேசத்துக்கு முன். ராவணவதம் முடிந்து, துன்புறுத்திய ராக்ஷஸிகளைக் கொல்ல அனுமதி வேண்டிய திருவடியைத் தடுத்து, குற்றம் செய்யாதார் யார் என்று அவர்களுக்காகப் பரிந்ததும் அக்னிப்ரவேசத்துக்கு முன். மாயா ஸீதையின் கதைப்படி உண்மைப் பிராட்டி வெளிவருவதோ அக்னியிலிருந்து, இவ்விரண்டுக்கும் பின். அப்படியானால் புருஷகாரத்துக்கு நாம் காட்டும் இவ்விரண்டு இடங்களிலும் பேசியவள் பிராட்டியல்லள் என்று ஒப்புக்கொள்ள நேரும். ஸ்ரீகுணரத்னகோசத்தில் பராசர பட்டர், ராக்ஷஸிகளைக் காத்த அச்செயலால் பெருமாள் கோஷ்டியே இலகுவாயிற்று என்று கொண்டாடுவதும் பற்றுக்கோடின்றிப் போகும். கம்பர் வழியில் இந்த இடர் இல்லை; அங்கே தீண்டல் மட்டுமே நீங்கியது, சிறையிருந்தவள் அவளேதான். ஆகவே கம்பரைக் கோயிலில் அனுபவித்த அடியார்கள் மாயா ஸீதையைக் காலக்ஷேபத்தில் எடுத்துக்கொள்ளவில்லை.

மதுரை அந்தணருக்கு ஏடு தேவைப்பட்டது உண்மை. அவர் கண்ணீரை இகழ இடமில்லை. ஆனால் அரக்கன் கையில் அகப்பட்டதை நினைத்து அவர் எங்கே உணவை விட்டாரோ, அங்கேயே நம் ஆசார்யர்கள் அவளது தாய்மையைக் கண்டார்கள்.