வெள்ளத்தில் நடந்தபின் கெண்டைக்கால் வலித்தால்

தெருவில் தேங்கிய வெள்ளத்தில் நடந்த ஒருவருக்குப் பத்து நாள் கழித்துக் குளிர்காய்ச்சல் வருகிறது. கெண்டைக்காலை அழுத்தினாலே வலிக்கிறது. கண் சிவந்திருக்கிறது, பீளை இல்லை. டெங்கு, மலேரியாவோடு எலிக்காய்ச்சலையும் மருத்துவர் முதல் நாளே சந்தேகிப்பார். எலியின் சிறுநீரில் வெளியேறும் லெப்டோஸ்பைரா கிருமி வெள்ளநீரில் கலந்து, காலிலுள்ள சிறு வெடிப்பு வழியாகவும் உடலுக்குள் புகும். பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் காய்ச்சல் தொடங்கும்.

ரத்தத்தில் எதிர்ப்பொருள் தென்பட ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ஆகவே, நோய் இருந்தும் தொடக்கத்தில் எடுக்கும் பரிசோதனையில் ‘இல்லை’ என்று வரலாம். முடிவுக்காகக் காத்திருந்தால் சிறுநீரகம், கல்லீரல், நுரையீரல் பாதிக்கப்படக்கூடும். அதனால்தான் டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்தைச் சந்தேகத்தின்பேரிலேயே தொடங்குகிறார்கள்.

வெள்ளத்தில் நடந்ததை மருத்துவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். சிறுநீர் குறைந்தாலோ, கண் மஞ்சளானாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.